ஒரே கர்வ், ஓவர்ஷூட் 3.75% என்றும் வருகிறது, 22.5% என்றும் வருகிறது. ரெக்கார்டில் எதை எழுதுவது?

ஆறாம்_செம் | மார்ச் 4, இரவு 9.12

டிசி மோட்டார் வேகக் கட்டுப்பாடு, பிஐ கன்ட்ரோலர், ஆர்டுயினோ ஊனோ. என்கோடர் ஒரு சுற்றுக்கு 400 கவுண்ட். 10 மில்லி செகண்டுக்கு ஒருமுறை கவுண்டை எண்ணி வேகம் கணக்கிடுகிறோம். மோட்டாரை 1000 ஆர்பிஎம்மில் ஓடவிட்டு, செட்பாயின்ட்டை 1200க்கு மாற்றினோம். உச்சம் 1245. பிறகு 1185, 1200, 1215 என்று மாறி மாறி நிற்கிறது.

மேட்லேபில் `stepinfo(y,t)` கொடுத்தால் ஓவர்ஷூட் 3.75%, செட்லிங் டைம் 0.31 செகண்ட். என் பார்ட்னர் கிராஃப் பார்த்துக் கையால் போட்டதில் ஓவர்ஷூட் 22.5%. செட்லிங் டைம் அவருக்குக் கிடைக்கவே இல்லை. ஸ்டெடி ஸ்டேட் எரர் பூஜ்யம் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து. வெள்ளிக்கிழமை வைவா. எது சரி?

சிக்னல்_பித்தன் | மார்ச் 4, இரவு 9.40

22.5% அதிகம்தான். Kp-ஐக் கொஞ்சம் குறைத்து, சிறிதளவு Kd சேர்த்துப் பாருங்கள். 10%க்குள் வந்துவிடும்.

ஆறாம்_செம் | மார்ச் 4, இரவு 9.44

குறைப்பது எப்படி என்று கேட்கவில்லை. ட்யூனிங் முடிந்துவிட்டது. கிடைத்ததை எப்படி எழுதுவது என்பதுதான் கேள்வி.

லூப்_டெஸ்ட் | மார்ச் 4, இரவு 10.25

உங்கள் பார்ட்னர் போட்டதுதான் சரி. `stepinfo` தப்பு செய்யவில்லை, அதற்கு ஒரு தகவல் போய்ச் சேரவில்லை. ஆரம்ப மதிப்பைச் சொல்லாவிட்டால் ரெஸ்பான்ஸ் பூஜ்யத்திலிருந்து தொடங்கியதாக அது எடுத்துக்கொள்ளும். அதன் பார்வையில் உங்கள் ஸ்டெப் 0 முதல் 1200 வரை. ஆகவே 45ஐ 1200ஆல் வகுத்து 3.75 என்கிறது. நீங்கள் கொடுத்த ஸ்டெப் 200 ஆர்பிஎம்தான். 45ஐ 200ஆல் வகுத்தால் 22.5.

செட்லிங் டைமிலும் இதே கதைதான். 1200ல் 2% என்றால் ±24. உங்கள் 1185 முதல் 1215 வரையிலான ஆட்டம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது, அதனால்தான் 0.31 என்று ஒரு எண் வந்தது. 200ல் 2% என்றால் ±4. அதற்குள் இந்த கர்வ் ஒருபோதும் நிற்காது. ரைஸ் டைமையும் பாருங்கள்: 1200ல் 10% என்பது 120 ஆர்பிஎம், உங்கள் கர்வ் தொடங்குவதே 1000த்தில். அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

`stepinfo(y,t,yfinal,yinit)` என்று நான்கையும் கொடுங்கள். `yfinal` கொடுக்காமல் விட்டால் கடைசி சாம்பிளை இறுதி மதிப்பாக எடுத்துக்கொள்ளும். உங்கள் பதிவு தற்செயலாக 1200ல் முடிந்திருக்கிறது. 1215ல் முடிந்திருந்தால் ஓவர்ஷூட் 45க்குப் பதில் 30 ஆகியிருக்கும்.

பழைய_ரெக்கார்ட் | மார்ச் 4, இரவு 11.03

புத்தகத்தில் ஃபைனல் வேல்யூவால்தான் வகுத்திருக்கிறார்கள். (உச்சம் − இறுதி) / இறுதி. எங்கள் சாரும் அப்படித்தான் போடச் சொன்னார். 3.75 தான் சரி.

லூப்_டெஸ்ட் | மார்ச் 4, இரவு 11.20

அந்த வாய்பாடு பூஜ்யத்திலிருந்து தொடங்கும் யூனிட் ஸ்டெப்புக்கு எழுதப்பட்டது. அங்கே இறுதி மதிப்பும் ஸ்டெப்பின் உயரமும் ஒன்றே. 1000த்திலிருந்து தொடங்கும்போது இரண்டும் வேறு.

ஃபர்னஸ்_பக்கம் | மார்ச் 5, காலை 6.50

எங்கள் ஓவன் கணக்கைப் போட்டுப் பாருங்கள், சந்தேகமே வராது. 30 டிகிரி செல்சியஸிலிருந்து 80க்கு ஸ்டெப். 83 வரை போய்த் திரும்பியது. இறுதி மதிப்பால் வகுத்தால் 3/80, அதாவது 3.75%. அதே ஓவனை ஃபாரன்ஹீட்டில் பார்த்தால் 86லிருந்து 176, உச்சம் 181.4. 5.4/176 என்பது 3.07%. ஓவன் அதே ஓவன், தெர்மோகப்பிள் அதே தெர்மோகப்பிள், ஓவர்ஷூட் மட்டும் எப்படி மாறும்? ஸ்டெப் உயரத்தால் வகுத்தால் 3/50, 5.4/90, இரண்டுமே 6%.

கூடவே ஒன்று: பிளாண்டில் சதவீதம் யாரும் கேட்பதில்லை. 'எத்தனை டிகிரி தாண்டியது' என்பதுதான் கேள்வி. 3 டிகிரி தாண்டினால் பொருள் கெட்டுவிடுமா என்பதுதான் அங்கே கவலை. இரண்டையும் எழுதுங்கள்: 45 ஆர்பிஎம், ஸ்டெப்பில் 22.5%.

பழைய_ரெக்கார்ட் | மார்ச் 5, காலை 8.15

ஃபாரன்ஹீட் கணக்கு புரிந்தது. சரி, 22.5 என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ζ = 0.43 என்று டேம்பிங் ரேஷியோவையும் கண்டுபிடித்து எழுதிவிடலாமே. 3.75% எடுத்திருந்தால் 0.72 வந்திருக்கும், பெரிய வித்தியாசம்.

லூப்_டெஸ்ட் | மார்ச் 5, காலை 8.58

கணக்கு சரி, இடம் தவறு. அந்த வாய்பாடு ஜீரோ இல்லாத இரண்டாம் ஆர்டர் சிஸ்டத்துக்கு மட்டும். பிஐ கன்ட்ரோலரில் எரர்மீது Kp வேலை செய்யும்போது குளோஸ்ட் லூப்பின் மேல்பகுதியில் Kp·s + Ki வந்து உட்கார்ந்துவிடும். அந்த ஜீரோவே ஓவர்ஷூட்டைக் கூட்டும். போல்கள் இரண்டும் ரியலாக இருந்தாலும்கூட ஓவர்ஷூட் வரலாம். ஆகவே அளந்த ஓவர்ஷூட்டிலிருந்து ζ எடுத்து ரெக்கார்டில் எழுதாதீர்கள். வைவாவில் அடுத்த கேள்வியே அதுவாக இருக்கும்.

டாக்கோமீட்டர் | மார்ச் 5, மதியம் 1.30

எல்லோரும் வகுத்தல் பற்றியே பேசுகிறீர்கள். அந்த 1185, 1200, 1215ஐ யாரும் கவனிக்கவில்லையா? ஒவ்வொன்றுக்கும் இடையே சரியாக 15.

400 கவுண்ட், 10 மில்லி செகண்ட் ஜன்னல். ஒரு கவுண்ட் கூடினால் வேகம் 60/(400 × 0.01) = 15 ஆர்பிஎம் கூடும். 1200 என்பது 80 கவுண்ட், 1245 என்பது 83 கவுண்ட். இடைப்பட்ட வேகத்தை இந்த முறையால் சொல்லவே முடியாது. 1000த்தில் ஓடும்போதும் 990, 1005 என்று மாறி மாறித்தான் காட்டியிருக்கும், ஏனென்றால் 66.67 கவுண்ட் என்று ஒன்று கிடையாது.

மோட்டார் ஆடுகிறதா, எண்ணிக்கை ஆடுகிறதா என்பதே இந்தப் பதிவிலிருந்து தெரியாது. 200 ஸ்டெப்பில் 2% என்பது ±4, 5% என்பது ±10. இரண்டுமே ஒரு கவுண்டைவிடச் சிறியவை. பார்ட்னருக்குச் செட்லிங் டைம் கிடைக்காததற்குக் காரணம் இதுதான், அவர் கண்ணில் கோளாறு இல்லை. ஓவர்ஷூட்டும் அப்படியே: ஒரு கவுண்ட் மேலே கீழே போனால் 15%லிருந்து 30% வரை எங்கேயும் இருக்கலாம். 22.5 என்று தசமப் புள்ளியோடு எழுதுவதற்கு இந்த அளவீட்டில் இடமில்லை.

ஆறாம்_செம் | மார்ச் 5, மதியம் 1.52

ஆமாம், 990ம் 1005ம் தான் இருக்கிறது. அப்படியானால் மூவிங் ஆவரேஜ் போட்டுவிட்டு அளக்கலாமா? 10 சாம்பிள் போட்டால் கர்வ் அழகாக வருகிறது, உச்சம் 1228.

டாக்கோமீட்டர் | மார்ச் 5, மதியம் 2.20

அழகாக வரும், உச்சமும் தேய்ந்துபோகும். 1228 என்பது ஃபில்டர் தந்த எண். 10 சாம்பிள் ஆவரேஜ் கர்வை 45 மில்லி செகண்ட் பின்னால் தள்ளும். செட்லிங் டைமில் அது கூடிவிடும். ஃபில்டர் போட்டால் எத்தனை சாம்பிள் என்று எழுதாமல் விடக்கூடாது. அதை லூப்புக்குள்ளேயே போட்டால் அந்தத் தாமதம் லூப்பையே மாற்றிவிடும், அது வேறு கன்ட்ரோலர்.

அதைவிட நல்ல வழி, ஜன்னலுக்குள் முதல் எட்ஜ் வந்த நேரத்தையும் கடைசி எட்ஜ் வந்த நேரத்தையும் `micros()` வைத்துக் குறித்துக்கொண்டு, இடையில் எத்தனை கவுண்ட் என்பதை அந்த நேரத்தால் வகுப்பது. ஊனோவில் `micros()` 4 மைக்ரோ செகண்ட் படியில் நகரும். 10 மில்லி செகண்டில் அது 0.04%. 1200ல் அரை ஆர்பிஎம் அளவு. 15லிருந்து அரைக்கு இறங்குகிறது, கூடுதல் பாகம் எதுவும் வாங்க வேண்டாம். ஒரே சேனலின் ரைசிங் எட்ஜை மட்டும் எடுங்கள். ஏ, பி சேனல்களுக்கு இடையே 90 டிகிரி சரியாக இருக்காது, நான்கு எட்ஜையும் கலந்தால் அந்தப் பிசகு வேகமாகத் தெரியும்.

பைத்தான்_லேப் | மார்ச் 5, மாலை 4.10

செட்லிங் டைம் என்றால் பேண்டுக்குள் முதல்முறை நுழையும் நேரம்தானே? அதைக் கோடில் போடுவது சுலபம்.

லூப்_டெஸ்ட் | மார்ச் 5, மாலை 4.35

இல்லை. முதல்முறை நுழைந்து, மேலே தாண்டி, மறுபடி உள்ளே வரும். கடைசியாக வெளியே இருந்த சாம்பிளைப் பிடித்து, அதற்கு அடுத்ததை எடுக்க வேண்டும். ஓவர்ஷூட் பேண்டைவிடப் பெரிதாக இருந்தால் உங்கள் முறை தரும் எண் உண்மையானதைவிட எப்போதும் சிறிது.

```matlab
y0  = mean(y(t>=-1 & t<0));
yf  = mean(y(t>=3 & t<5));
h   = yf - y0;
OS  = 100*(max(y(t>=0)) - yf)/h;
k   = find(t>=0 & abs(y-yf) > 0.05*h, 1, 'last');
Ts  = t(k+1);
ess = r - yf;
```

`r` என்பது புதிய செட்பாயின்ட், `t=0` என்பது செட்பாயின்ட் மாறிய நொடி. வேகம் அசையத் தொடங்கிய நொடி அல்ல. ஸ்டெப்புக்கு முன் ஒரு செகண்டும், பின்னால் குறைந்தது 5 செகண்டும் பதிவு வேண்டும். மேல்நோக்கிய ஸ்டெப்புக்குத்தான் இது அப்படியே ஓடும்.

சிக்னல்_பித்தன் | மார்ச் 5, மாலை 6.05

பூஜ்யத்திலிருந்து 1200க்கே ஸ்டெப் கொடுத்துவிட்டால்? 2% அப்போது ±24, எல்லாச் சிக்கலும் தீர்ந்தது. எந்த வாய்பாடு போட்டாலும் ஒரே விடை.

லூப்_டெஸ்ட் | மார்ச் 5, மாலை 6.30

பாதி சரி. அளவீட்டுச் சிக்கல் தீரும். ஆனால் நின்ற மோட்டார் நகர முதலில் உராய்வை மீற வேண்டும், அதுவரை இன்டெக்ரல் ஏறிக்கொண்டே இருக்கும். தொடக்கத்தில் எரர் 1200, பிடபிள்யூஎம் 255ல் போய் முட்டும். முட்டியிருக்கும் நேரம் முழுவதும் லூப் திறந்தே இருக்கிறது, இன்டெக்ரல் மட்டும் ஏறுகிறது. அங்கே வரும் ஓவர்ஷூட் உங்கள் Kp, Ki சொல்வது அல்ல, ஆன்டி விண்டப் இல்லாதது சொல்வது. வேக கர்வுக்குக் கீழேயே பிடபிள்யூஎம் கர்வையும் ஒட்டுங்கள். 255ஐத் தொட்டிருந்தால் அதை எழுதுங்கள், அந்த எண்ணை 200 ஸ்டெப் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். 900லிருந்து 1200 என்று கொஞ்சம் பெரிய ஸ்டெப் எடுத்துக்கொண்டு, வேகம் அளக்கும் முறையை மாற்றுவதுதான் என் யோசனை.

டாக்கோமீட்டர் | மார்ச் 5, இரவு 8.15

ஸ்டெடி ஸ்டேட் எரர் பூஜ்யம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை எதை வைத்து அளந்தீர்கள்? அதே என்கோடரை வைத்தா? இன்டெக்ரல் இருக்கும் லூப், தனக்கு வரும் ரீடிங்கின் சராசரியை 1200க்குக் கொண்டுவந்து நிறுத்தத்தான் செய்யும். ரீடிங்கே தப்பாக இருந்தாலும் எரர் பூஜ்யம் என்றுதான் காட்டும். லேபில் கையில் பிடிக்கும் ஆப்டிகல் டாக்கோமீட்டர் இருக்கும். ஷாஃப்டில் ரிஃப்ளெக்டிவ் டேப் ஒட்டி ஒருமுறை பாருங்கள்.

ஆறாம்_செம் | மார்ச் 6, மதியம் 12.40

பார்த்தோம். திரையில் 1200. டாக்கோமீட்டரில் 960, 961. டேப்பை மாற்றி ஒட்டியும் அதேதான். 400 என்பதைக் கையால் ஷாஃப்டைச் சுற்றி எண்ணினோம், சரியாக 400 வருகிறது.

பழைய_ரெக்கார்ட் | மார்ச் 6, மதியம் 12.55

டாக்கோமீட்டர் பேட்டரி போயிருக்கும்.

டாக்கோமீட்டர் | மார்ச் 6, மதியம் 1.05

960/1200 = 0.8. இவ்வளவு துல்லியமான பின்னம் பேட்டரியால் வராது. சீரியல் பாட் ரேட் என்ன? ஒரு வரியில் எத்தனை எழுத்து அனுப்புகிறீர்கள்?

ஆறாம்_செம் | மார்ச் 6, மதியம் 1.11

9600. `1200,1245` போன்று, பிறகு ஒரு ஸ்பேஸ், வரி முடிவு. மொத்தம் 12 எழுத்து.

டாக்கோமீட்டர் | மார்ச் 6, மதியம் 1.35

அதுதான். ஒரு எழுத்துக்கு 10 பிட், 12 எழுத்துக்கு 120 பிட். 9600ல் அது போக 12.5 மில்லி செகண்ட் ஆகும். நீங்கள் 10 மில்லி செகண்டுக்கு ஒரு வரி தள்ளுகிறீர்கள். ஊனோவின் சீரியல் பஃபர் 64 பைட். கால் செகண்டில் அது நிரம்பிவிடும். அதன்பிறகு `Serial.print` இடம் கிடைக்கும்வரை காத்து நிற்கும். லூப் 12.5 மில்லி செகண்டுக்கு ஒருமுறைதான் ஓடியிருக்கிறது. கவுண்டை மட்டும் 0.01ஆல் வகுத்திருக்கிறீர்கள். 12.5 மில்லி செகண்டில் சேர்ந்த கவுண்ட் 1.25 மடங்கு, 960ஐ 1200 என்று காட்டும்.

நேர அச்சும் இதேபோல: சாம்பிள் எண்ணை 0.01ஆல் பெருக்கித்தானே `t` எடுத்தீர்கள்? அந்த 0.31 உண்மையில் 0.39.

ஆறாம்_செம் | மார்ச் 6, மதியம் 1.50

ஆமாம், பெருக்கித்தான். அப்போது ஓவர்ஷூட்டும் போச்சா?

லூப்_டெஸ்ட் | மார்ச் 6, மதியம் 2.30

சதவீதம் போகவில்லை. உச்சம், தொடக்கம், இறுதி மூன்றுமே 0.8 மடங்கு. ஒன்றால் ஒன்றை வகுத்தால் அதே விகிதம் (அந்த ஒரு கவுண்ட் தடுமாற்றத்தோடு). 45 ஆர்பிஎம் என்பது மட்டும் 36.

ஆனால் பாட் ரேட்டை 115200க்கு மாற்றியதும் லூப்பே மாறிவிடும், பழைய எண்ணைப் புதிய கோடின் பெயரில் எழுத முடியாது. இதுவரை எரர் 1.25 மடங்காகத் தெரிந்ததால் Kp 1.25 மடங்கு வலுவோடு வேலை செய்தது. இன்டெக்ரலில் எரர் 1.25 மடங்கு, ஆனால் ஒவ்வொரு 12.5 மில்லி செகண்டுக்கும் 10க்கான அளவையே கூட்டியதால் அது பழைய Ki-யாகவே இருந்தது. இனி Kp மட்டும் இறங்கும், தாமதமும் குறையும். Kp குறைவது ஓவர்ஷூட்டைக் கூட்டக்கூடும், தாமதம் குறைவது குறைக்கும். எது ஜெயிக்கும் என்று அளந்தால்தான் தெரியும். ஒவ்வொரு வரியிலும் `micros()` மதிப்பையும் அனுப்புங்கள், அடுத்தடுத்த வரிகளின் வித்தியாசம் 10000ஐச் சுற்றி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பைத்தான்_லேப் | மார்ச் 6, மாலை 5.20

5 முறை ஓட்டி, ஐந்து கர்வையும் சராசரி எடுத்து, அதில் அளந்தால் நாய்ஸ் போய்விடும்.

லூப்_டெஸ்ட் | மார்ச் 6, மாலை 5.45

ஐந்திலும் உச்சம் ஒரே நொடியில் வராது. சராசரி கர்வில் உச்சம் தட்டையாகிவிடும். ஒவ்வொரு ஓட்டத்திலும் தனித்தனியே ஓவர்ஷூட், செட்லிங் டைம் எடுத்து, குறைந்ததையும் கூடியதையும் எழுதுங்கள். அழகான ஓட்டத்தை மட்டும் தேர்ந்தெடுத்து ஒட்டாதீர்கள்.

ஆறாம்_செம் | மார்ச் 7, இரவு 7.30

115200, எட்ஜ் நேர முறை, 900லிருந்து 1200, Kp Ki பழையதே. பிடபிள்யூஎம் உச்சம் 214. 5 ஓட்டம்:

ஓவர்ஷூட் 16.1% முதல் 18.4% வரை, அதாவது 48 முதல் 55 ஆர்பிஎம். செட்லிங் டைம் 5% பேண்டில் (±15) 0.46 முதல் 0.52 செகண்ட். 3லிருந்து 5 செகண்ட் வரை சராசரி எரர் 0.3 ஆர்பிஎம்முக்குள். ஆப்டிகல் டாக்கோமீட்டர் 1199 முதல் 1201.

2% பேண்டில் (±6) நான்கு ஓட்டம் 0.70 பக்கம் வருகிறது. ஒன்றில் மட்டும் 1.94. அங்கே ஒரே ஒரு சாம்பிள் 1207 தொட்டிருக்கிறது. அதை நீக்கிவிடலாமா?

டாக்கோமீட்டர் | மார்ச் 7, இரவு 8.05

நீக்க வேண்டாம். நிலையான பகுதியில் ஏற்றஇறக்கம் 50 மில்லி செகண்டுக்கு ஒருமுறை திரும்புகிறதா பாருங்கள். 1200ல் ஒரு சுற்று 50 மில்லி செகண்ட். திரும்பினால் அது கப்ளிங் அல்லது என்கோடர் டிஸ்க் மையம் விலகியது, லூப்பின் ஆட்டம் அல்ல. 5 சாம்பிள் ஆவரேஜ் போட்டால் ஒரு சுற்று முழுக்க அடங்கும். 20 மில்லி செகண்ட் தாமதத்தைக் கழித்துவிட்டு, ஆவரேஜ் போட்டதையும் எழுதி, 2% எண்ணைத் தரலாம். ஓவர்ஷூட்டை மட்டும் ஆவரேஜ் போடாத கர்விலிருந்தே எடுங்கள்.

ஃபர்னஸ்_பக்கம் | மார்ச் 7, இரவு 8.40

எனக்கு ஒப்புதல் இல்லை. 1.94 என்றே எழுதிவிட்டு, காரணத்தைக் கீழே எழுதலாம். ஷாஃப்டில் அந்த ஆட்டம் உண்மையாகவே இருந்தால் லோடு அதை உணரும்.

டாக்கோமீட்டர் | மார்ச் 7, இரவு 8.52

ஷாஃப்டில் இருந்தால் சரி. டிஸ்க்கில் மட்டும் இருந்தால் லோடுக்கு ஒன்றும் தெரியாது. கையில் பிடிக்கும் டாக்கோமீட்டர் சராசரியைத்தான் காட்டும், அதை வைத்து இதைப் பிரிக்க முடியாது.

ஆறாம்_செம் | மார்ச் 7, இரவு 9.10

50 மில்லி செகண்டுக்கு ஒருமுறைதான் வருகிறது, ±4 அளவில். டிஸ்க்கா கப்ளிங்கா தெரியவில்லை. 5% எண்ணை முதலில் எழுதிவிட்டு, 2%க்கு ஐந்து ஓட்டத்தையும் தனித்தனியாகவே அட்டவணையில் போட்டிருக்கிறேன், 1.94 உட்பட. கப்ளிங்கைக் கழற்றி, 90 டிகிரி திருப்பி மாட்டிவிட்டு, அந்த ரிப்பிள் என்கோடரின் கோணத்தோடு கூடவே நகர்கிறதா என்று திங்கட்கிழமை பார்க்கலாம் என்று லேப் அசிஸ்டென்ட் அண்ணா சொல்லியிருக்கிறார்.